இரவல் வண்டியும் பிழையில்லாப் பொறுப்பும்

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நண்பனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிச் செல்கிறான் ஓர் இளைஞன் எனக் கொள்க. முன்னே கரும்பேற்றிச் சென்ற மாட்டுவண்டி திடீரென நிற்கிறது. அதில் மோதி அவன் இறந்துபோகிறான். மோட்டார் சைக்கிளுக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. தவறு யாருடையது என்றே கேளாத பிழையில்லாப் பொறுப்பு சட்டத்தில் இருப்பதால், குடும்பத்துக்கு இழப்பீடு உறுதி என்றே முதற்பார்வையில் தோன்றும்.

ஏறத்தாழ இதே நிகழ்வு 1999ஆம் ஆண்டில் வட கர்நாடகத்தின் இல்கல் பகுதியில் நேர்ந்தது. அங்கே மாட்டுவண்டியில் இருந்தவை இரும்புத் தகடுகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 163அ பிரிவின்கீழ்க் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கியது. உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. நிங்கம்மா வழக்கு என அறியப்படும் அதில், அப்பிரிவின்கீழ் இழப்பீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது.

காரணம், காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு தனித்து நிற்பதன்று என்பதே. வண்டியின் உரிமையாளர் பிறருக்குத் தரவேண்டியதை அவருக்காக ஈடுசெய்வதே அதன் கடமை. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். தமக்குத் தாமே இழப்பீடு தர எவரும் கடமைப்பட்டவர் அல்லர். உரிமையாளரிடம் கடன் இல்லாதபோது நிறுவனம் ஈடுசெய்ய எதுவும் இல்லை.

ஆகவே பிழையில்லாப் பொறுப்பு, ‘யார் தவறு?’ என்ற வினாவை மட்டுமே நீக்கியது. 163அ வழக்கில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவனம் எழுப்பவே கூடாது என 2017இல் சுனில்குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்மானித்தது. ஆயினும் ‘யார் யாருக்குக் கடன்பட்டவர்?’ என்ற தீங்கியல் சட்டத்தின் பழைய வினா அங்கேயே நிற்கிறது.

குடும்பத்துக்கு வேறு வழியில்லையா? நிங்கம்மா வழக்கிலேயே, கவனக்குறைவை அடிப்படையாகக் கொண்ட 166ஆம் பிரிவின்கீழ் உரிமை உண்டா என ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மோதியது மற்றொரு மோட்டார் வாகனமாயின், அதன் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் வழக்கில் சேர்ப்பது இன்றியமையாதது. 2020இல் முடிவான ராம்கிலாடி வழக்கில் இதனைச் செய்யாமல், இறந்தவர் ஓட்டிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடமே இழப்பீடு கோரினர். கிடைத்தது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பின்படி 1 இலட்சம் ரூபாய் மட்டுமே.

2022 ஏப்ரல் முதல் 163அ பிரிவின் இடத்தில் 164ஆம் பிரிவு நிற்கிறது. இறப்புக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாய். தொகை தெளிவாயிற்று. ஆனால் 163அ பிரிவு உரிமையாளரின் இறப்பையும் உள்ளடக்குமா என்ற ஐயத்தை 2025இல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றே எழுப்பி, பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. நஞ்சன்கூட்டு இளைஞனின் குடும்பம் எந்தப் பிரிவில், யாருக்கு எதிராக மனுச் செய்கிறது என்பதே அதுவரை அதன் கதியைத் தீர்மானிக்கும்.