பேசும் வாயை மூடுதல்

ஒருவர் இறந்த வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்கு வரும் படம் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்திலிருந்தோ செல்போனிலிருந்தோ எடுத்ததாகவே இருக்கும். அதில் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். வாய் பாதி திறந்திருக்கும். மாலை போட்டு மாட்டும் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். திண்டுக்கல் பக்கத்துச் சிறிய ஸ்டுடியோ ஒன்றில் இந்த வேலையைச் செய்யும் டிசைனர், நெகட்டிவ் மேல் பென்சிலால் ரீடச் செய்த காலத்தில் தொழில் கற்றவர். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும் என்பதால், திறந்த வாயின் கருமையை அன்று ஓரளவு குறைக்க முடிந்தது. தாடையை நகர்த்த வழியே இருக்கவில்லை. இன்று போட்டோஷாப்பில் அது முடிகிறது. அவர் வேலையைத் தாடையிலிருந்துதான் தொடங்குகிறார்.

வாய் திறக்கும்போது கீழ்த்தாடை இறங்கிச் சற்றுப் பின்னால் போகிறது. முகவாய் தாழ்கிறது, கன்னம் ஒட்டுகிறது, முகத்தின் கீழ்ப்பகுதி நீள்கிறது. உதடுகளை மட்டும் ஒட்டிவைத்தால் இந்த நீளம் அப்படியே நிற்கும். வாய் மூடியிருந்தாலும் முகம் வேறு யாருடையதோ போலாகிவிடும். ‘இது எங்க அப்பா மாதிரி இல்லையே’ என்று வீட்டார் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எவ்வளவு ஏற்றுவது என்பதை அளந்தே முடிவுசெய்ய வேண்டும். அதற்கு ஆதார் அட்டைப் படம் உதவுகிறது. பெரிதாக்க முடியாத அளவு அது மங்கல்தான்; ஆனால் வாய் மூடிய முகத்தின் விகிதம் அதில் கிடைக்கும். ஒரு பெரியவரின் அட்டையில் புருவத்திலிருந்து மூக்கடி வரை 40 பிக்சல், மூக்கடியிலிருந்து முகவாய் வரை 41 என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் படத்தில் மேல் அளவு 210, கீழ் அளவு 248. வாய் மூடியிருந்தால் கீழ் அளவு ஏறக்குறைய 215 இருக்க வேண்டும். எனவே முகவாய் 33 பிக்சல் மேலேற வேண்டும். இரண்டு படங்களிலும் தலை ஒரே சாய்வில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

படத்தை `Ctrl+J` கொண்டு நகலெடுத்து, `Liquify`-யில் மூக்கையும் கண்களையும் உறையவைத்துவிட்டு, பெரிய பிரஷ்ஷால் தாடை முழுவதையும் மேலே தள்ளுகிறார். சிறிய பிரஷ் தாடை விளிம்பை அலை அலையாக்கிவிடும். நரைத்த தாடி இருந்தால் முடி நசுங்கி மாவாகத் தெரியும். அந்த இடத்துக்குக் கன்னத்து முடியை `Clone Stamp` மூலம் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது உதடு. ‘ஈ’ என்று இழுத்துப் பேசிய வாயில் உதடுகள் அகன்று மெலிந்திருக்கும், ‘ஓ’வில் குவிந்திருக்கும். இரண்டுமே ஓய்வான உதட்டின் அளவு அல்ல. ஓரங்களை அதற்கேற்ப உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி, தடிமனைத் திருப்பித் தர வேண்டும். பல்லும் வாய்க்குள்ளிருந்த இருளும் மறைந்தபின் உதடுகளுக்கு நடுவே வருகிற கோடு கருப்பாக இருக்கக் கூடாது. உதட்டு நிறத்தின் அடர்ந்த சாயலில், ஓரங்களில் ஆழமாகவும் இடையில் மெல்லியதாகவும் அது ஓட வேண்டும். மீசைக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. மீசையின் கீழ் முடிகளுக்கு இடையே வாயின் இருள் புகுந்திருக்கும். அங்கே உதட்டு நிறத்தைப் பூசி, முடிகளை ஒவ்வொன்றாக மேலே வரைய வேண்டும்.

கடைசி வேலை நிழல். மேலிருந்து ஒளி விழுந்தால் மேலுதடு இருண்டும் கீழுதடு வெளிச்சமாகவும் இருக்கும். கீழுதட்டின் அடியில் ஒரு நிழல் பள்ளம் விழும். `Liquify` தள்ளும்போது இந்தப் பள்ளம் நசுங்கிப்போவதால் புதிதாக இட வேண்டும். 50% சாம்பல் நிரப்பிய லேயரை `Soft Light`-இல் வைத்து, மங்கலான பிரஷ்ஷால் சிறிது சிறிதாகக் கருமை சேர்க்கிறார். பிளாஷ் எந்தப் பக்கம் என்பதை மூக்கின் நிழல் காட்டிக்கொடுக்கும். முகவாய் ஏறிய அளவுக்குக் கழுத்தில் விழுந்த நிழலும் ஏற வேண்டும்; அதை மறந்தால் தாடைக்குக் கீழே இரண்டாவது தாடை ஒன்று தெரியும். முடிவில், திருத்திய இடம் மட்டும் வழவழப்பாக நிற்காதபடி மற்ற தோலில் உள்ள அதே புள்ளித்தன்மையைச் சேர்க்கிறார். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் வாய்க் கோணல் உடனே பிடிபடும்.

இவ்வளவு வேலைக்கும் தனிக்கூலி இல்லை. அஞ்சலி பிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கும் இடைத்தரகர், முகத்தைத் திருத்தியதை டிசைன் கூலிக்குள்ளேயே அடக்கிவிடுகிறார். வீட்டார் அழுது பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான்; அதை மீட்டுத் தந்த கைக்குத் தனி விலை வைக்காதது அநியாயம். தனிக்கூலி இல்லாததால்தான் பல கடைகளில் உதட்டை மட்டும் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லாப் படத்திலும் இது கூடாது. சிரித்துக்கொண்டே பேசியவரின் வாயை மூடினால், கண்ணோரச் சுருக்கமும் உயர்ந்த கன்னமும் சிரித்தபடியே நிற்கும். மூடிய வாய் அவற்றோடு ஒட்டாது. பக்கவாட்டு முகத்தில் தாடை வளைவு முழுவதையும் புதிதாக வரைய நேரும், அது ஊகமாகிவிடும். அத்தகைய படங்களுக்கு வாயைத் திறந்தபடி விட்டு, பல்லின் பளபளப்பை மட்டும் குறைத்துக் கொடுப்பதே சரி.