யார் எழுதினது?

பெரிய கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வைபவம் நடக்கும். பெயர் த்ரீ சிக்ஸ்டி ஃபீட்பேக். உங்களைப் பற்றி உங்கள் பாஸ், சக மேனேஜர்கள், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் என்று சுற்றியிருக்கும் எல்லாரும் ரகசியமாக மார்க் போட்டு, நாலு வரியும் எழுதித் தருவார்கள். முந்நூற்று அறுபது டிகிரியிலும் உங்களைப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 'நான் எதை மாத்திக்கணும்?' என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் வருவது, 'இதை எழுதினது யாரு?'

இந்தச் சுற்றுகளை நடத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேனேஜர்கள் மகா துப்பறிவாளர்கள். அவர்கள் கண்டுபிடிக்க முடியாதபடி ரிப்போர்ட்டை அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஒரு கம்பெனியில் நான் உள்ளே போவதற்கு முந்தின வருஷம் நடந்தது. ஒரு மேனேஜருக்கு எட்டு பேர் மார்க் போட்டிருந்தார்கள். பாஸ் ஒருவர், சக மேனேஜர்கள் ஐந்து பேர், கீழே வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரின் சராசரியைக் காட்டினால் ஆள் தெரிந்துவிடும் என்று ஹெச்.ஆர். அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால், மேலே கொட்டை எழுத்தில் 'மொத்த சராசரி 3.5' என்று போட்டிருந்தார்கள்.

மனுஷர் கேன்டீனில் டிஷ்யூ பேப்பரை எடுத்தார். எட்டு பேர், சராசரி 3.5 என்றால் மொத்தம் 28. பாஸ் கொடுத்தது 4. சக மேனேஜர்கள் ஐந்து பேரின் சராசரி 4, ஆக 20. கூட்டினால் 24. மிச்சம் 4. அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஐந்துக்கு ஆளுக்கு இரண்டுதான் போட்டிருக்கிறார்கள்! ஒருவர் 1, இன்னொருவர் 3 என்றும் இருக்கலாம்தான். மேனேஜருக்கு அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க மனசில்லை. இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்தினார். ஒருவர் டிரான்ஸ்ஃபர் கேட்டுப் போய்விட்டார். விஷயம் மாடிக்கு மாடி பரவியது. அடுத்த வருஷம் கம்பெனி முழுக்க எல்லாருக்கும் 4, 5 என்று மார்க் மழை. கருத்துப் பகுதியில் 'வெரி குட் லீடர்'. படித்துப் பார்த்தால் அங்கே குறையுள்ள மேனேஜரே கிடையாது!

அதனால் முதல் வேலை இந்தக் கழித்தல் கணக்கை அடைப்பது. மொத்த சராசரி என்ற வரியே ரிப்போர்ட்டில் வேண்டாம். ஒரு பிரிவின் மார்க்கைக் காட்ட வேண்டுமானால் அதில் குறைந்தபட்சம் மூன்று பேர் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். நான் ஐந்து என்று அடம் பிடிப்பேன். அந்த ஐந்தும் எத்தனை பேரைக் கேட்டோம் என்பதல்ல, எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பது. நாலு பேராவது மறந்துபோவார்கள், லீவில் இருப்பார்கள்; கூடுதலாகவே கேட்டு வையுங்கள். கீழே இரண்டே பேர்தான் என்றால் அவர்களைச் சக மேனேஜர்களோடு சேர்த்து 'மற்றவர்கள்' என்று ஒரே பிரிவாகக் காட்டிவிடுங்கள். பாஸ் ஒருவர்தானே, அவரை மறைக்க முடியாது. அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

இன்னொரு ஓட்டை, நடுவில் ரிப்போர்ட்டை எட்டிப் பார்ப்பது. மூன்று பேர் பதில் வந்தபோது கூட்டுத்தொகை 11. நாலாவது ஆள் போட்டதும் 12. அவர் எத்தனை போட்டார் என்று உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். கடைசித் தேதி முடியும்வரை யாருக்கும் எதையும் காட்டக்கூடாது.

மார்க் விவகாரம் இதோடு சரி. நிஜமான தலைவலி கருத்துப் பகுதி. ஒரு கருத்து எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு உபயோகம். எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆளும் மாட்டுவார்.

மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம். முதலாவது: 'திமிர் பிடிச்சவர்.' யார் எழுதினார் என்று தெரியாது. ஆனால், இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் திங்கள்கிழமை காலையில் என்ன செய்வார்? க்ளூகர், டெனிஸி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபீட்பேக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பத் திரும்ப, பலன் குறைகிறது என்பது அவர்கள் கட்சி. 'திமிர்' அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

இரண்டாவது: 'மார்ச் மாச கஸ்டமர் மீட்டிங்கில் என் ஸ்லைடை எல்லார் முன்னாடியும் கிழிகிழின்னு கிழிச்சார்.' உண்மை. ஆனால், எழுதியவர் கையெழுத்தும் போட்ட மாதிரிதான்.

மூன்றாவது: 'மீட்டிங்கில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் நடுவில் புகுந்து திருத்துகிறார். அதனால், அடுத்த தடவை தப்பு தெரிந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. பேசி முடித்த பிறகு கேட்டால் நன்றாக இருக்கும்.' இதில் என்ன செய்கிறார், அதனால் என்ன ஆகிறது, பதிலாக என்ன செய்யலாம் மூன்றும் இருக்கிறது. தேதி இல்லை, 'என்' இல்லை. பலர் முன்னிலையில் பல தடவை நடப்பதால், ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுதாதீர்கள் என்று கேள்விக்கு மேலேயே ஒரு வரி போடுவேன். அதற்குக் கீழே இந்த மூன்று உதாரணங்களையும் தருவேன். உபதேசத்தைவிட உதாரணத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் எழுதுகிறார்கள்.

கேள்வியிலும் சூட்சுமம் இருக்கிறது. 'இவரைப் பற்றி உங்கள் கருத்து?' என்று கேட்டால் ஜாதகம்தான் வரும். 'இவர் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்தலாம், எதைப் புதிதாகத் தொடங்கலாம்?' என்று கேட்டால் பதில் தானாகவே செய்கையைப் பற்றி வரும்.

அப்புறம் எழுத்து நடை. வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி வைக்கிறவர், எதற்கெடுத்தாலும் 'பேசிக்கலி' என்கிறவர் ஆபீஸுக்கு ஒருவர் இருப்பார். கருத்துகள் எழுதியபடியே போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அனுப்புமுன் அவர்களையே ஒரு தடவை வாசிக்கச் சொல்கிறேன். நான் பெயரையும் தேதியையும் மட்டும் நீக்குவேன். காரத்தைக் குறைப்பதில்லை. குறைத்தால் அது என் கருத்தாகிவிடும்.

ஒரு வார்த்தை விஷயத்திலும் நேர்மை வேண்டும். பதில் தராதவர்களுக்கு ஞாபகக் கடிதம் போகிறது என்றால், யார் தந்தார்கள் என்று நடத்துகிற எங்களுக்குத் தெரிகிறது. அப்புறம் 'யாருக்குமே தெரியாது' என்று எழுதுவது பொய். 'எங்களுக்குத் தெரியும், உங்கள் மேனேஜருக்குத் தெரியாது' என்று எழுதுங்கள். அதேபோல் பாலியல் தொந்தரவு மாதிரி புகார்களை இங்கே எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். அதற்கு 2013-ம் வருஷச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது. பெயரில்லாத ஒரு வரியை வைத்து யாரும் விசாரிக்க முடியாது.

இந்த மார்க்கை இன்க்ரிமென்ட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் 'நீ எனக்கு 5, நான் உனக்கு 5' என்று டீக்கடையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும்.

கடைசியாக, ரிப்போர்ட்டை மெயிலில் தட்டிவிடுவது கிடையாது. மேனேஜரோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். 'யாரு சார் இது?' என்று கட்டாயம் கேட்பார். 'ஒருவர் மட்டும் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. மூணு பேர் தனித்தனியா ஒரே விஷயத்தை எழுதியிருக்காங்க, பாருங்க' என்று விரலை வைத்துக் காட்டுவேன். மூன்று பேர் என்றதும் துப்பறியும் ஆசை கொஞ்சம் அடங்கும். அதிலிருந்து அவரே ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டீமைக் கூப்பிட்டு, 'நடுவில் புகுந்து பேசுறதை நிறுத்தப் போறேன், புகுந்தா கையைத் தூக்குங்க' என்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் கை தூக்க யாருக்கும் தைரியம் வராது. இரண்டாவது வாரம் யாராவது ஒருவர் பாதிக் கை தூக்குவார்.