மோர் மிளகாயும் மூன்று காவலும்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் தெருவில் பாதி மொட்டைமாடிகளில் மோர் மிளகாய் காயும். உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் ஊறுகாய், ஜாம், கருவாடு, வற்றல் என்று கெடாமல் நிற்கும் பண்டங்கள் பலவற்றையும் அளந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மோர் மிளகாய்தான். உப்பு, புளிப்பு, வெயில் மூன்றும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. எது எப்போது எதைச் செய்கிறது என்று புரிந்துவிட்டால், ஏன் சில வருடம் மிளகாய் மணிமணியாக அமைகிறது, ஏன் சில வருடம் உள்ளே பூஞ்சை கட்டுகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு பண்டம் கெடுமா கெடாதா என்பது அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நல்ல தேனில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு நீர் உண்டு. அது வருடக்கணக்கில் கெடாது. அதே பதினெட்டுப் பங்கு நீர் அரிசியில் இருந்தால் சில வாரங்களில் மக்கல் வாடை வந்துவிடும். நீரின் அளவு ஒன்றுதான். ஆனால் தேனில் உள்ள நீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. அரிசியில் உள்ள நீரில் கணிசமான பங்கு பூஞ்சைக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது. 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் இதை ஆய்வில் நிறுவிக் காட்டினார். கிருமி வளர்வதைத் தீர்மானிப்பது நீரின் மொத்த அளவு அல்ல, அதற்குக் கிடைக்கக்கூடிய நீர்தான் என்றார். அதை அளக்கும் எண்ணுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. உப்போ சர்க்கரையோ கரையக் கரைய அந்த எண் இறங்கும்.

ஆய்வுக்கூடத்தில் இதை அளப்பது எளிது. பண்டத்தைப் பொடியாக நறுக்கிச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கருவிக்குள் வைத்து மூடுவோம். பண்டத்துக்கு மேலே உள்ள காற்றில் எவ்வளவு ஈரம் சேர்ந்து நிலைக்கிறது என்று கருவி பார்க்கும். ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால் நீர்ச் செயல்பாடு 0.90. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளராது. நச்சு உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் மட்டும் விடாப்பிடியாக 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூஞ்சைகள் 0.80 வரை வளரும். வறட்சிக்குப் பழகிய சில பூஞ்சைகள் 0.65 வரைகூடப் போகும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது.

இனி மிளகாய்க்கு வருவோம். கொஞ்சம் பருத்த, காரம் குறைந்த பச்சை மிளகாய் ஒரு கிலோ. காம்போடு கழுவித் துடைத்து, நுனிப்பக்கம் சின்னதாகக் கீறிக்கொள்ள வேண்டும். நன்றாகப் புளித்த தயிரைக் கடைந்து ஒரு லிட்டர் கெட்டி மோர், அதில் 150 கிராம் கல்லுப்பு. மிளகாயை அதில் போட்டு இரண்டு நாள் ஊறவிட வேண்டும். பிறகு காலையில் மிளகாயை எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க உறிஞ்சப்படும் வரை இப்படியே செய்துவிட்டு, கடைசியில் மிளகாயை மட்டும் சுக்காகக் காயவைக்க வேண்டும்.

இதில் உப்பின் கணக்கைப் பார்க்கலாம். பச்சை மிளகாயில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். மிளகாயும் மோரும் சேர்ந்து தோராயமாக 1,800 கிராம் நீர் இருக்கும். அதில் 150 கிராம் உப்பு என்றால் கரைசல் எட்டு சதவீதத்தைத்தான் தொடும். நீர்ச் செயல்பாடு சுமார் 0.95. அது போதவே போதாது. அந்த நிலையில் பாக்டீரியாக்கள் தாராளமாக வளரும். ஆனாலும் மிளகாய் கெடுவதில்லை. காரணம், அந்த இரண்டு நாளும் காவல் காப்பது உப்பு அல்ல, புளிப்பு.

புளிப்பைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊறுகாயில் எலுமிச்சை, புளி, வினிகர் சேர்த்தாலும் நீரைப் பிடித்துவைத்துத்தான் புளிப்பு பண்டத்தைக் காப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த வேலையை அமிலம் மிகக் கொஞ்சம்தான் செய்கிறது. அது வேறு வழியில் தாக்குகிறது. மோரில் உள்ள லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதி உடையாத நிலையில் பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே போகும். உள்ளே போனதும் உடைந்து அங்கே அமிலத்தன்மையை ஏற்றும். அந்தக் கிருமி தன் சக்தி முழுவதையும் அமிலத்தை வெளியேற்றுவதிலேயே செலவழித்துவிடும். வளர எதுவும் மிஞ்சாது. நன்கு புளித்த தயிரின் பிஎச் 4 அளவில் இருக்கும். பொட்டுலிசம் உண்டாக்கும் கிருமி 4.6-க்குக் கீழே வளராது. கூடவே உப்பும் இருந்தால் அமிலத்தை வெளியேற்றுவது கிருமிக்கு இன்னும் கஷ்டம். எனவே எட்டு சதவீத உப்பு தனியாக இருந்தால் போதாது. புளிப்போடு சேர்ந்தால் போதும்.

கீறல் போடுவதும் இதற்காகத்தான். மிளகாயின் மேல்தோல் மெழுகு பூசியதுபோல் இருப்பதால் அதன் வழியே எதுவும் சீக்கிரம் இறங்காது. உள்ளே வெற்றிடம், விதை, ஈரம் எல்லாம் இருக்கின்றன. நுனிக் கீறல் வழியாக மோர் உள்ளே போய் விதைத் தண்டை நனைத்தால்தான் உட்பக்கத்துக்குக் காவல் கிடைக்கும். கீறாமல் விட்டால் வெளிப்பக்கம் உப்பும் புளிப்பும் ஏறியிருக்கும், உட்பக்கம் பச்சை மிளகாயாகவே இருக்கும்.

பிறகு வெயில். பகல் முழுக்க நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அதனால் ஒவ்வொரு நாளும் உப்பின் செறிவு தானாகவே ஏறும். மொத்த நீர் 800 கிராமாகக் குறையும்போது கரைசல் 16 சதவீதத்தை நெருங்கும். நீர்ச் செயல்பாடு 0.90-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். பெரும்பாலான பாக்டீரியாக்களின் கதை அங்கே முடிந்தது. நீர் 420 கிராமாகும்போது அதற்கு மேல் உப்பால் கரைந்திருக்க முடியாது. படிகமாக வெளியே வரும். மிளகாயின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்தாற்போல் தெரிவது அதுதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உப்பு முழுச் செறிவு அடைந்த நீரின் செயல்பாடு 0.75. கையில் கருவி இல்லாமலேயே, வெள்ளை பூத்ததைப் பார்த்து நாம் அந்த எண்ணைச் சொல்லிவிடலாம். மோரில் உள்ள மற்றப் பொருட்களையும் பாத்திரத்தில் தங்கும் உப்பையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் மாடியில் எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், போகும் பாதை இதுதான்.

ஆபத்தான கட்டம் இந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. பூஞ்சைக்குப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. பாக்டீரியா ஒடுங்கும் 0.90-இலிருந்து கீழே 0.70 வரைக்கும் ஆள் இல்லாத இடமாகப் பூஞ்சைக்குக் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தை மிளகாய் வேகமாகக் கடந்துவிட வேண்டும். நடுவில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால், பாதி காய்ந்த மிளகாயைத் தட்டில் பரப்பி வீட்டுக்குள் வைப்பதுதான் வழக்கமான தவறு. மோர் மிச்சமிருந்தால் அதிலேயே மூழ்கும்படி திரும்பப் போட்டுவிடுவது நல்லது. அங்கே உப்பும் உண்டு, புளிப்பும் உண்டு, காற்றும் படாது. மோர் தீர்ந்துபோயிருந்தால் மின்விசிறிக்கடியிலோ, 60 டிகிரி செல்சியஸில் வைத்த அவனிலோ காயவைக்க வேண்டும். ராத்திரிதோறும் மோரில் போடுவதும் இதே காரணத்தால் பொருத்தமாகிறது. பகலில் இழந்த ஈரத்தை மாடியில் விட்ட மிளகாய் பனியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

பூஞ்சை வெளியே தெரியாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று மிளகாயைக் கிள்ளி நீளவாக்கில் பிரித்துப் பாருங்கள். நல்ல மிளகாயின் உள்ளே விதை வெளிர்மஞ்சளாக, உதிரியாக இருக்கும். கெட்டதில் விதைத் தண்டைச் சுற்றிச் சாம்பலோ பச்சையோ கலந்த தூள் ஒட்டியிருக்கும், முகர்ந்தால் மக்கல் வாடை வீசும். மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். எண்ணெயில் பொரித்தாலும் அதை நம்பத்தகுந்த அளவுக்கு அழிக்க முடியாது. அப்படிப்பட்ட மிளகாயைக் கழுவி வெயிலில் வைத்து மீட்க நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெள்ளை பூத்துவிட்டதே என்று உடனே எடுத்து டப்பாவில் போடவும் கூடாது. உப்புப் படிகமும் உப்பு நீரும் சேர்ந்து இருக்கும் வரை எண் 0.75-இலேயே நிற்கும், அந்த நீரும் போனபிறகுதான் கீழே இறங்கும். என் மாமியாருக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனால், "குலுக்கிப் பாரும்மா, விதை சத்தம் கேக்கணும்" என்பார். விதை தண்டைவிட்டு உதிர்ந்து, காய்ந்த தோலுக்குள் கலகலவென்று ஓடினால் உள்ளே ஒட்டவைக்கும் ஈரம் இல்லை என்று பொருள். நான் பார்த்தவரை அவருடைய சோதனைக்கும் கருவிக்கும் சண்டை வந்ததில்லை.

காய்ந்த மிளகாய்க்கும் காற்றுக்கும் கணக்கு வழக்கு தொடர்ந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் 80 சதவீதம் சாதாரணம். திறந்து வைத்த மோர் மிளகாய் அப்போது துவண்டுபோவது அதனால்தான். காற்றுப் புகாத டப்பா, உலர்ந்த கரண்டி, நடுவில் வெயில் வந்தால் ஒரு நாள் காய்ச்சல், இவ்வளவு போதும்.

சர்க்கரைக்கும் இதே விதிதான், ஆனால் அளவு மிக அதிகம் வேண்டும். ஒரு கிராம் உப்பு கரைந்து தரும் துகள்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் ஒரு கிராம் சர்க்கரை தரும். நீரைக் கட்டுவது துகள்களின் எண்ணிக்கை. அதனால்தான் ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை போடுகிறோம். பச்சை நெல்லிக்காயை அப்படியே தேனில் போட்டால் காயின் நீர் வெளியேறித் தேனைத் தண்ணியாக்கும். ஈஸ்ட் பொங்கி நுரை வரும். நெல்லிக்காயை முன்பே வாட்டி நீரைக் குறைத்துக்கொண்டால் தேனின் பிடி தளராது.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோர் மிளகாயில் உப்பைப் பாதியாகக் குறைக்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. குறைக்கலாம். ஆனால் 75 கிராம் உப்பு போட்டால் முதல் நாள் உப்பு நான்கு சதவீதம்தான். மிளகாயின் நீர் 210 கிராமுக்கு இறங்கும்வரை உப்பு முழுச் செறிவை அடையாது. எனவே தயிர் இன்னும் புளித்திருக்க வேண்டும், ஊறவைப்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் செய்ய வேண்டும், வெயில் உறுதியான நாளாகப் பார்த்துத் தொடங்கி வேகமாகக் காயவைக்க வேண்டும். ஒரு காவலில் எடுத்ததை இன்னொரு காவலில் திருப்பிக் கொடுக்க முடியுமானால் தாராளமாகக் குறையுங்கள். வானம் மூடியிருக்கும் வாரத்தில் மட்டும் குறைக்காதீர்கள்.