பெயரை நீக்கினால் போதுமா?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் முதன்முதலாக வேலை பார்த்த நிலையத்திலிருந்து விலகியபோது, "போவதற்கு முன் மனம் திறந்து பேசலாம், எல்லாம் ரகசியம்" என்று ஓர் அறைக்குள் உட்கார வைத்தார்கள். நானும் நம்பிப் பேசினேன். "மைக் முன்னால பேசுறதுக்குத்தான் சம்பளம், மைக்கை அணைச்சிட்டா வாயைத் திறக்க முடியாது" என்று ஒரு வரி சொன்னேன். அடுத்த மாதம் ஒரு திருமண வீட்டில் பழைய மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, மைக் அணைஞ்சிருக்கா?" என்றார். அவர் மூலம் வந்துகொண்டிருந்த விளம்பரக் குரல் வாய்ப்புகள் அதோடு நின்றன.

அறிக்கையில் என் பெயரை யாரும் எழுதவில்லை. என் வரியை அப்படியே எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான்.

தமிழ் ஒலிபரப்பு உலகம் நம் நாட்டில் எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே விலகுகிறவர் எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த தெருவில்தான் இருப்பார்.

கடந்த ஆண்டு அதே வேலை என் கைக்கு வந்தது. இப்போது இருக்கும் நிறுவனத்தின் இன்னொரு பிரிவில் ஒன்றரை ஆண்டில் 11 பேர் விலகியிருந்தார்கள். மனிதவளப் பிரிவு அக்கா அவர்களுடன் பேசிப் பதிவு செய்திருந்தார். நிர்வாகத்துக்கு இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டும், நீ எழுத்தில் கெட்டிக்காரி என்று பெயர்களை நீக்கி என்னிடம் தந்தார். படித்து முடித்துவிட்டு, "அக்கா, இதில் எட்டுப் பேர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்றேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்படின்னா, உனக்கே தெரியாத மாதிரி எழுது" என்றார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். மூன்று வழிகள். முதலாவது, பேச்சு. ஒருவர் எதற்கெடுத்தாலும் "அதாவது வந்து" என்பார். இன்னொருவர் பாதி வாக்கியத்தை மலாயில் முடிப்பார். இரண்டாவது, தனித்த வேலை. இரவுப் பணி ஒலிப்பதிவாளர் என்றால் அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான். மூன்றாவது, சேர்க்கை. பெண் என்றால் பலர், கிளை அலுவலகம் என்றால் சிலர், சேர்ந்து ஆறு மாதத்தில் போனவர் என்றாலும் சிலர். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் ஒருவர்தான் மிஞ்சுவார்.

எனவே மேற்கோளே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். வானொலிக்காரிக்கு இது வலிக்கும். உயிருள்ள குரலைக் கேட்கவைப்பதுதானே எங்கள் பிழைப்பு?

ஓர் உதாரணம். ஒரு பதிவில் இப்படி இருந்தது: "அஞ்சரைக்குப் பிள்ளையை நர்சரியிலேர்ந்து எடுக்கணும். திங்கட்கிழமை ஏழு மணி வரைக்கும் வேலைன்னு ஞாயிறு ராத்திரிதான் சொல்றாங்க." முதலில் "சிறு குழந்தையுள்ள ஒரு தாய்" என்று மாற்றினேன். அந்தப் பிரிவில் அப்படி ஒருவர்தான் இருந்தார். "ஒரு தந்தை" என்று மாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது பெரிய தவறு. சந்தேகம் ஒன்றுமே சொல்லாத வேறொருவர் மேல் போய் விழும். பொய்யும் ஆகிவிடும். கடைசியில் எழுதியது இது: "பணி அட்டவணை தாமதமாக வருவதால் வேலைக்கு வெளியே உள்ள கடமைகளைத் திட்டமிட முடியவில்லை என்று பாதிக்கு மேற்பட்டோர் கூறினர்."

அந்தப் 'பாதிக்கு மேல்' எங்கிருந்து வந்தது? விலகல் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 7 பேர் 'சம்பளம்' என்று குறித்திருந்தார்கள். அதை மட்டும் பார்த்தால் சம்பளப் பிரச்சினை என்று முடித்திருப்போம். ஆனால் அக்கா நல்ல கேள்வி ஒன்று கேட்டிருந்தார்: "போகலாம்னு முதன்முதலா எப்போ தோணுச்சு?" அதற்கு 6 பேர், வெவ்வேறு சொற்களில், கடைசி நேரத்தில் மாறிய அட்டவணையைச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் அவர்கள் போன இடத்தைச் சொன்னது. அட்டவணைதான் கிளம்பிய காரணத்தைச் சொன்னது. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அதன் பொருளை ஓரிரு சொல்லில் குறித்துக்கொண்டு எண்ணியபோதுதான் இது தெரிந்தது.

பிறகு சில விதிகளை நாங்களே வைத்துக்கொண்டோம். குறைந்தது 3 பேர் சொல்லாத எதுவும் சுருக்கத்தில் வராது. 3 முதல் 5 வரை 'சிலர்', 6 முதல் 'பாதிக்கு மேல்'. ஆண், பெண், கிளை என்று பிரித்துக் காட்டுவதென்றால் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 5 பேராவது இருக்கவேண்டும். 11 பேரில் அது சரிவராததால் பிரிக்கவே இல்லை.

நிர்வாகம், "மாதாமாதம் புதுப்பித்துக் கொடுங்கள்" என்றது. அக்கா மறுத்தார். இந்த மாதம் 11 பேர் அறிக்கை, அடுத்த மாதம் 12 பேர் அறிக்கை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால் போதும், அந்த ஒருவர் என்ன சொன்னார் என்று வந்துவிடும். புதிதாக 5 பேராவது சேர்ந்த பிறகே அடுத்த அறிக்கை என்று சொல்லிவிட்டார்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. அந்தப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற, எல்லோரையும் அறிந்த, நம்பகமான ஒருவரிடம் அக்கா சுருக்கத்தைக் காட்டி, "எந்த வரி யார் சொன்னதுன்னு ஊகிங்க" என்றார். ஓரிடத்தில் அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார். 'புதிய கருவி' என்று எழுதியிருந்தேன். அதைக் கையாண்டவர் ஒருவர்தானாம். அந்தச் சொல்லை நீக்கினோம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஒருவர் மட்டும் சொன்ன இரண்டு விஷயங்கள் சுருக்கத்துக்கு வரவில்லை. ஒன்று, காத்திருக்கக்கூடியது. மற்றொன்று ஒரு பெண்ணிடம் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றியது. அதை 'சிலர்' என்ற சொல்லுக்குள் புதைப்பதும் தவறு, 3 பேர் சொல்லட்டும் என்று காத்திருப்பதும் தவறு. பாலியல் தொல்லைப் புகாரை முதலாளி விசாரித்தாக வேண்டும் என்று நம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமே சொல்கிறது. அக்கா அந்தப் பெண்ணை அழைத்து, அது சுருக்கத்தில் வராது, தனிப் புகாராகப் போனால் பெயர் தெரியும், என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அன்றிலிருந்து அக்கா நேர்காணலைத் தொடங்கும்போது "எல்லாம் ரகசியம்" என்று சொல்வதில்லை. "நீங்க சொல்றதை மத்தவங்க சொன்னதோட சேர்த்துத்தான் மேலே சொல்வேன். உங்க வார்த்தையை அப்படியே எழுதமாட்டேன். யாருக்காவது ஆபத்துன்னா மட்டும் அதை நான் வச்சுக்க முடியாது, உங்களைக் கூப்பிட்டுப் பேசுவேன்." காப்பாற்றக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

கூட்டத்தில் அட்டவணை பற்றிய வரியைப் படித்ததும் அந்தப் பிரிவின் தலைவர் நிமிர்ந்து, "இதைச் சொன்னது யாரு?" என்று கேட்டாராம்.

"பாதிக்கு மேல" என்றாராம் அக்கா.

இப்போது அங்கே அடுத்த வார அட்டவணை வியாழக்கிழமையே ஒட்டப்படுகிறது.