முந்நூறுக்கு இருநூத்தி எழுபது

எங்க மாமா பதினாறு வருஷமா பிளம்பர். கையில சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது. போன வருஷம் வளைகுடா வேலைக்காக ஒரு ஏஜென்சியில டிரேட் டெஸ்டுக்குப் போய், ஃபெயில் ஆகி வந்தார். “டிராயிங் குடுத்தான்டா, அளவெல்லாம் சரியாத்தான் வெட்டினேன்”னு திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். டிராயிங் நமக்குத் தண்ணிபட்ட பாடு இல்லையா? அவர் வரைஞ்சு காட்டினதைப் பார்த்தேன். அரை இன்ச் ஜிஐ பைப், ரெண்டு முனையிலும் எல்போ, சென்டர் டு சென்டர் 300 மில்லிமீட்டர். “300 வெட்டணும், அதானே?”ன்னேன். அவரும் அதையேதான் வெட்டியிருக்கார். ரெண்டு பேருமே தப்பு.

300 என்பது பைப்போட நீளமே இல்லைங்க. ஒரு எல்போவோட மையத்திலிருந்து அடுத்த எல்போவோட மையம் வரைக்குமான தூரம். அரை இன்ச் எல்போவில் மையத்திலிருந்து வாய் வரை 28 மிமீ. அதுக்குள்ள பைப்போட மரை சுமார் 13 மிமீ ஏறும். மீதி 15 மிமீ தூரத்துக்குப் பைப்பே கிடையாது, எல்போ மட்டும்தான். ரெண்டு பக்கமும் சேர்த்து 30. அப்போ வெட்ட வேண்டியது 270. மாமா 300 வெட்டினதால முடிச்ச வேலை 330-க்குப் போயிடுச்சு.

பதினாறு வருஷம் இது தெரியாமலா வேலை பார்த்தார்? சைட்டில் அவர் டேப் பிடிச்சு அளக்கிறதே அபூர்வம். எல்போவைச் சுவர்ல வெச்சு, பைப்பைப் பக்கத்துல நிறுத்தி, மரை ஏறுற இடத்தைக் கண்ணால பார்த்து சாக்பீஸ்ல கோடு போடுவார். அந்தக் கழித்தல் கண்ணிலேயே நடந்துடும். டெஸ்ட்டில் சுவர் கிடையாது, தாள் மட்டும்தான். (நாலு வருஷம் படிச்ச எனக்கு அந்தக் கண்ணும் இல்லை, அதைச் சொல்லிடறேன்.)

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்திருக்கு. நீளம் அதிகம்னு தெரிஞ்சதும் ரெஞ்ச் போட்டு முறுக்கி உள்ள தள்ளப் பார்த்திருக்கார். எல்போ மேல் நோக்கி நிக்கணும், ஆனா தாண்டித் திரும்பிடுச்சு. நேராக்க கால் சுற்று பின்னாடி திருப்பினார். டெஃப்லான் டேப் சுத்தின மரையைப் பின்னாடி திருப்பினா டேப் கிழிஞ்சு வழி விட்டுடும். கைப்பம்ப்ல தண்ணி ஏத்தினதும் கேஜ் முள் இறங்கிடுச்சு. கழட்டி, பழைய டேப்பை எடுத்துட்டு, புதுசா சுத்தித்தான் மாட்டணும். அதுக்கு நேரமில்லை.

இப்போ தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நான் அளவு சொல்றேன், அவர் வெட்டுறார். நேத்து முக்கால் இன்ச் எல்போ வாங்கிட்டு வந்தார். மையத்திலிருந்து வாய் 33, மரை 15. “450-க்கு எவ்ளோ மாமா?”ன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்.

“நானூத்தி பதினாலு.”

ஆக்சா பிளேடை எடுத்துட்டார். நான் இன்னும் போன்ல கால்குலேட்டரைத் திறந்துட்டிருந்தேன்.