கோமாரி ஊசி: முகாம் தேதி வேற, கன்னுக்குட்டி தேதி வேற



மாட்டாஸ்பத்திரியில கொடுக்கற தடுப்பூசி கையேடு நம்ம நிறைய வீட்டுல இருக்கு. எங்க ஊர்ல பட்டு தறி போட்டு, கூடவே ரெண்டு கறவை மாடும் வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர், "தம்பி, இதை படிச்சா தலை சுத்துது, சுருக்கமா சொல்லுப்பா"ன்னு கேட்டார். அவருக்கு சொன்னதை இங்கேயும் எழுதறேன். எல்லா நோயையும் ஒரே பதிவுல கொட்டாம, கறவை மாட்டுக்காரனை அதிகமா கவிழ்க்கற கால் வாய் கோமாரியை மட்டும் இன்னைக்கு பார்ப்போம். சில ஊர்ல இதை காணைன்னு சொல்வாங்க.

கையேட்டுல இருக்கற கணக்கு மூணே வரிதான். கன்னுக்கு 4 மாசம் முடிஞ்சதும் முதல் ஊசி. அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது ஊசி. அப்புறம் ஆயுசு முழுக்க 6 மாசத்துக்கு ஒரு தடவை. மருந்து அளவு பொதுவா 2 மி.லி., சதையில போடுவாங்க. பெரிய மாட்டுக்கும் சின்ன கன்னுக்கும் அதே அளவுதான். "கன்னுதானே, பாதி போடுங்க சார்"னு கேட்கக் கூடாது. இது காய்ச்சல் மருந்து மாதிரி எடைக்கு ஏத்த கணக்கு இல்ல.

ஏன் 4 மாசம் காத்திருக்கணும்? தாய் மாடு ஊசி போட்ட மாடா இருந்தா, சீம்பால் வழியா அதோட எதிர்ப்பு சக்தி கன்னுக்கும் போகுது. அந்த சக்தி உடம்புல இருக்கற வரைக்கும் ஊசி மருந்தை அதுவே அடிச்சு போட்டுடும், ஊசி வேலை செய்யாது. நாள் ஆக ஆக தாய் கொடுத்தது கரைஞ்சுடும். 4 மாசத்துல கன்னு தானா எதிர்ப்பு சக்தியை உண்டு பண்ண ஆரம்பிக்கும். முதல் ஊசி உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டுது, ரெண்டாவது ஊசிதான் அதை உறுதியாக்குது. அந்த ரெண்டாவதை விட்டுட்டா முதல் ஊசியோட பலன் சீக்கிரம் தேய்ஞ்சுடும்.

இப்ப நம்ம ஊர் சிக்கலுக்கு வர்றேன். 2019 செப்டம்பர்ல மத்திய அரசு தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டு திட்டத்தை தொடங்குச்சு. அதுல இருந்து கோமாரி ஊசி சுற்று சுற்றா ஊருக்கே வருது. காதுல 12 இலக்க எண் போட்ட வில்லை மாட்டி, இலவசமா போடறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா முகாம் ஊருக்கு வர்ற தேதி வேற, உங்க கன்னு பொறந்த தேதி வேற.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். பொங்கல் அன்னைக்கு, ஜனவரி 15-ல ஒரு கிடாரி கன்னு பொறக்குதுன்னு வைங்க. ஏப்ரல் நடுவுல முகாம் வருது. கன்னுக்கு 3 மாசம்தான் ஆகுது, டாக்டர் போடாம விட்டுடுவார், அது சரிதான். அடுத்த முகாம் அக்டோபர்ல வருது. அப்ப கன்னுக்கு 9 மாசம். தாய்ப்பால் சக்தி மே மாசத்துலயே கரைஞ்சு போச்சு. மே முதல் அக்டோபர் வரைக்கும் அந்த கன்னுக்கு எந்த காப்பும் இல்ல. முகாமுக்கு தவறாம போறவங்க வீட்டுலயும் கன்னு கோமாரியில போறதுக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

சரியான வழி என்னன்னா, மே 15-ல முதல் ஊசி, ஜூன் 15-ல ரெண்டாவது. இதுக்கு நாமதான் கால்நடை மருந்தகத்துல முன்கூட்டியே கேட்டு வைக்கணும். ஒரு பாட்டில்ல பல மாட்டுக்கான மருந்து இருக்கும், திறந்தா அன்னைக்கே தீர்க்கணும். ஒரு கன்னுக்காக அதை உடைக்க அவங்களுக்கும் மனசு வராது. அதனால தெருவுல அதே வயசுல இருக்கற நாலஞ்சு கன்னை சேர்த்துக்கிட்டு ஒரே நாள்ல போங்க. அக்டோபர் முகாம் வரும்போது ஜூன் ஊசி போட்டு 4 மாசம்தான் ஆகியிருக்கும். பரவாயில்ல, அதுலயும் போட்டுக்கலாம். கொஞ்சம் முந்தினா தப்பில்ல, 6 மாசத்தை தாண்டறதுதான் தப்பு. அதுக்கப்புறம் அந்த கன்னு முகாம் கணக்கோட சேர்ந்துடும்.

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில இருக்கணும். ஐஸ் பெட்டியில வரணும், ஆனா உறைஞ்சு கட்டியாகவும் கூடாது. உறைஞ்சு உருகின மருந்தை போட்டு பிரயோஜனம் இல்ல. ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே குடற்புழு மருந்து கொடுத்துட்டா உடம்பு தேறி இருக்கும். காய்ச்சலா இருக்கற மாட்டுக்கு போடக் கூடாது. நிறைசினை மாடா இருந்தா கட்டி இழுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

ஊசிக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் பால் கொஞ்சம் குறையலாம், லேசா உடம்பு சுடலாம், போட்ட இடத்துல சின்னதா கட்டி வரலாம். இதுக்கு பயப்பட வேணாம். ஆனா ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல முகம் வீங்கறது, மூச்சு வாங்கறது, தள்ளாடறது இருந்தா அது ஒவ்வாமை. டாக்டர் பக்கத்துலயே இருந்தா உடனே மாத்து ஊசி போட்டு காப்பாத்திடலாம். அதனால ஊசி போட்டதும் ஓட்டிக்கிட்டு போகாம அரை மணி நேரம் அங்கேயே கட்டி வைங்க.

நோய் வந்தா எப்படி தெரியும்? திடீர்னு பால் இறங்கும், காய்ச்சல் 104-க்கு மேல போகும், வாயில கயிறு மாதிரி எச்சில் தொங்கும், சப்பு சப்புன்னு வாயை சப்பும். நாக்குலயும் குளம்பு நடுவுலயும் கொப்புளம் வந்து உடையும், காலை உதறும். கன்னுக்கு இது எதுவும் தெரியாமலே போகலாம். நோய் நேரா இதயத்தை தாக்கும், காலையில நின்ன கன்னு சாயந்திரம் விழுந்துடும். அதனால கோமாரி வந்த மாட்டோட பாலை கன்னுக்கு ஊட்ட விடாதீங்க. அந்த மாட்டை தனியா கட்டி, 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம் சலவை சோடா கலந்து கொட்டகையை கழுவுங்க. 1962-க்கு போன் பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. "ஊசி போட்டதாலதான் நோயே வந்துச்சு"ன்னு நம்ம பக்கம் பேச்சு இருக்கு. பக்கத்து தெருவுல நோய் வந்தப்புறம் ஓடிப்போய் ஊசி போட்டா அப்படித்தான் தோணும். கிருமி உடம்புக்குள்ள போய் 2 முதல் 14 நாள் வரைக்கும் வெளியில தெரியாது. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரத்துக்கு மேல கூட ஆகலாம். ஏற்கெனவே கிருமி புகுந்த மாட்டுக்கு ஊசி போட்டா, ஊசிக்கு முன்னாடி நோய் ஜெயிச்சுடும். பழி ஊசி மேல விழும். அந்த கிருமி செத்த கிருமி, அதால நோயை உண்டாக்க முடியாது.

தறிக்கார அண்ணன் வீட்டு காலண்டர்ல இப்ப மூணு தேதி வட்டம் போட்டிருக்கு: கன்னு பொறந்த நாள், 4 மாசம் முடியற நாள், அதுக்கு அடுத்த மாசம். நீங்களும் போட்டு வைங்க. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசி பத்தி மழைக்கு முன்னாடி தனியா எழுதறேன்.