மாவு புளிச்சிடுச்சா?

சங்கராபுரம் சந்தையில் டீக்கடை பெஞ்சுக்கு எதிரே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஆயா சாக்கை விரித்திருந்தார். கடுக்காயும் புளியும் குவித்திருந்தார். மஞ்சப்பையோடு ஒருவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்னா ஆயா, பேத்திக்குக் காது குத்தாமே?”

“ஆமாம்பா. ஓடைக்கு மேல கோயில்ல.”

“எத்தினி அண்டா?”

“நாலு.”

“மாவு புளிச்சிடுச்சா?”

“இன்னும் ரெண்டு நாளு ஆவும். அப்புறம் அடுப்பு மூட்டிடுவாங்க.”

யார் கேட்டாலும் வீட்டு விசேஷப் பேச்சுதான். எனக்கு முதலில் உறுத்தியது வந்தவரின் கை. கடுக்காய் வாங்குகிறவர் பூச்சித் துளை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். விலையில் ரெண்டு ரூபாயாவது குறைக்கச் சொல்வார். இவர் குவியலுக்குள் கையை விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தார். அடுத்தது ஆயாவின் கடைசிச் சொல். சொந்தப் பேத்தியின் காது குத்துக்கு “மூட்டிடுவோம்” என்றுதானே வாயில் வரும்? “மூட்டிடுவாங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு, ஓடையோரம் பேரல்களில் மறைத்து வைப்பதுதான் சாராய ஊறல். புளித்து முடிந்ததும் காய்ச்சிவிடுவார்கள். காய்ச்சிய சாராயம் லாரி டியூபில் ஏறிக் கீழே வந்துவிட்டால் பிடிப்பது கடினம். போலீஸ் ஜீப் மலையேறுவது தூரத்திலேயே தெரியும், ஆட்கள் ஓடிவிடுவார்கள். பேரல் ஓடாது. அதனால் எந்த ஓடை, எத்தனை பேரல், என்றைக்குக் காய்ச்சுவார்கள் என்பது போலீசுக்கு முன்பே தெரிய வேண்டும். மூன்றையும் ஆயா சொல்லி முடித்திருந்தார்.

பழக்கடை ஓரம் ஒரு பைக் வந்து நின்றது. ஆயா குரலை உயர்த்தினார்.

“படி நாப்பதுக்குக் கம்மியா தரமாட்டேன். வேணும்னா எடு!”

“முப்பதுன்னா குடு, இல்லாட்டி போறேன்.”

இப்போது வந்தவர் ஒவ்வொரு காயாகப் புரட்டினார். பைக் கிளம்பும்வரை பேரம் ஓயவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தனால் மலையில் காய்ச்சியதல்ல. ஆனாலும் அதன் பிறகு மலையில் ஊறல் வேட்டை கடுமையானது. துப்புச் சொன்னது யாரென்று தெரிந்துவிட்டால், பொழுது சாய்ந்ததும் அதே மலைக்குத் திரும்ப வேண்டிய ஆயா என்ன ஆவார்?

அதனால்தான் அது எந்தக் கிழமை, அவர் எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. இப்படி ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்தாலும் அந்த முகத்தை மறந்துவிடுங்கள்.